ஓரத்தில் எகிறும் வளைகோடு

ஒரு வரைபடத்தாள், ஓர் அளவுகோல், பதினோரு புள்ளிகள். x என்பது −5-இல் தொடங்கி 5 வரை ஒவ்வொன்றாக ஏறுகிறது. ஒவ்வொரு இடத்திலும் 1/(1+x²) என்ற மதிப்பைக் கணக்கிட்டுப் புள்ளி வைக்க வேண்டும். நடுவில், x பூச்சியமாக இருக்கும்போது, உயரம் 1. ஒரு படி தள்ளினால் 0.5. அடுத்து 0.2, பிறகு 0.1, அதன்பின் 0.0588, கடைசியில் 0.0385. இடப்பக்கமும் இதே எண்கள்தான். கண்ணுக்குத் தெரிவது ஒரு சின்னக் குன்று. இருபுறமும் சரிந்து, போகப்போகத் தரையோடு தரையாகப் படுத்துவிடுகிறது.

இப்போது புள்ளிகளுக்கு நடுவே என்ன மதிப்பு இருக்கும் என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் அளவுகோலை வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்துவிடுகிறான். உண்மையான வளைவுக்கும் அவன் போட்ட கோட்டுக்கும் அதிகபட்ச இடைவெளி 0.067. அவ்வளவுதான்.

கணிதம் படித்த அவனுடைய அண்ணன் இன்னும் நேர்த்தியாகச் செய்ய நினைக்கிறார். பதினோரு புள்ளிகளையும் ஒன்றுவிடாமல் தொட்டுச் செல்லும் ஒரே பல்லுறுப்புக்கோவையைக் கண்டுபிடித்து வரைகிறார். முனை இல்லை, முறிவு இல்லை, வழுவழுவென்று ஒரே வளைகோடு. புள்ளிகள் எல்லாவற்றிலும் அது துல்லியமாக உட்காருகிறது. ஆனால் x = 4.7 என்ற இடத்தில் பார்த்தால் அதன் உயரம் 1.96. அங்கே இருக்க வேண்டிய உயரம் 0.043. நடுவில் இருக்கும் குன்றே 1 உயரம்தான். தரையாகக் கிடக்க வேண்டிய ஓரத்தில் அதைப் போல் இரண்டு மடங்கு உயரத்துக்கு ஒரு கோபுரம் எழும்பி நிற்கிறது.

புள்ளிகள் போதவில்லை போலிருக்கிறது என்று, அரை அரை இடைவெளியில் 21 புள்ளிகள் எடுத்துக்கொண்டு மறுபடி போடுகிறார். நடுப்பகுதி அற்புதமாகத் திருந்திவிடுகிறது. x = 0.25-இல் பிழை வெறும் 0.0013. ஆனால் x = 4.75-இல் வளைகோடு −39.95-க்குப் போய்விடுகிறது. உண்மை மதிப்பு 0.042. தகவல் இரட்டிப்பானது, ஓரத்தில் பிழை இருபது மடங்குக்கு மேல் பெருகியது.

இந்தக் கணக்கை 1901-ஆம் ஆண்டில் முன்வைத்தவர் கார்ல் ருங்கே. அப்போது அவர் ஜெர்மனியின் ஹானோவர் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர். தனிமங்களின் நிறமாலைக் கோடுகளை அளந்து, அந்த எண்களுக்குள் ஒழுங்கு தேடியவர். அளவீடுகளோடு மல்லுக்கட்டிய மனிதர் என்பதால்தான், சம இடைவெளியில் எடுத்த அளவுகளுக்கு நடுவே வளைகோடு வரைவது எவ்வளவு நம்பகமானது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. இதில் இன்னொரு விஷயமும் உண்டு. பெர்லினில் அவருக்கு ஆசிரியராக இருந்தவர் வயர்ஸ்ட்ராஸ். தொடர்ச்சியான எந்த வளைவையும் பல்லுறுப்புக்கோவையால் வேண்டிய அளவு நெருங்கலாம் என்று 1885-இல் நிறுவியவர் அவர். மாணவர் காட்டிய எடுத்துக்காட்டு ஆசிரியரின் தேற்றத்தைப் பொய்யாக்கவில்லை. நெருங்கி வரும் பல்லுறுப்புக்கோவை இருக்கிறது என்றுதான் தேற்றம் சொல்கிறது. சம இடைவெளியில் புள்ளி வைத்தால் அது தானாகக் கைக்கு வந்துவிடும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

தெரிந்த மதிப்புகளுக்கு நடுவே தெரியாத மதிப்பைக் கணிப்பதற்கு இடைச்செருகல் என்று பெயர். தமிழ்நாட்டில் பிளஸ் டூ வணிகக் கணிதம் படித்தவர்களுக்கு இது பழகிய சொல். நியூட்டன் சூத்திரம், லெக்ராஞ்சி சூத்திரம் இரண்டும் அங்கே வரும். பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகையைக் கொடுத்து, நடுவில் ஓர் ஆண்டின் எண்ணிக்கையைக் கேட்பது அந்தப் பாடத்துக்கே உரிய கணக்கு. இரண்டு புள்ளிகள் வழியே ஒரே ஒரு நேர்கோடுதான் போகும். மூன்று புள்ளிகள் வழியே இரண்டாம் படிக்கோவை ஒன்றுதான். அதே கணக்கில் பதினோரு புள்ளிகள் வழியே, பத்தாம் படிக்கு மேற்படாத கோவையும் ஒன்றே ஒன்றுதான். ஆகவே அண்ணன் கணக்கில் தப்பு செய்துவிட்டார் என்று சொல்ல வழியில்லை. யார் போட்டாலும் 1.96 வந்தே தீரும்.

பிறகு எங்கே சறுக்கியது? அதைக் காட்டுவது பிழைச் சூத்திரம். உண்மை வளைவை f என்றும், புள்ளிகளைத் தொடும் கோவையை p என்றும் வைத்துக்கொண்டால்,

f(x) − p(x) = [f⁽ⁿ⁺¹⁾(ξ) / (n+1)!] × (x − x₀)(x − x₁)…(x − xₙ)

பார்த்ததும் பயமுறுத்தும். ஆனால் இது பிறந்த வழி எளிது. ஒரு பாதை தரைமட்டத்தில் தொடங்கி, ஏறி இறங்கி, மறுபடி தரைமட்டத்துக்கே வந்தால், நடுவில் எங்காவது ஓரிடத்தில் அது ஏறாமலும் இறங்காமலும் சமமாக இருந்தாக வேண்டும். இதுதான் ரோல் தேற்றம். இப்போது f-இலிருந்து p-ஐக் கழித்தால் கிடைக்கும் பிழை, பதினோரு புள்ளிகளிலும் பூச்சியம். நமக்கு வேண்டிய இடமான x-இலும் அதைப் பூச்சியமாக்க, அந்தப் பதினோரு இடங்களில் மட்டும் பூச்சியமாகும் பெருக்கற்பலனை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிக் கழித்துவிடலாம். அந்த எண்ணை K என்போம். மிஞ்சுவது 12 இடங்களில் தரையைத் தொடும் பாதை. 12 இடங்களுக்கு நடுவே 11 சமதளங்கள். அதாவது சரிவு 11 இடங்களில் பூச்சியம். சரிவின் சரிவு 10 இடங்களில் பூச்சியம். இப்படியே பதினோரு முறை வகையிட்டு இறங்கினால் கடைசியில் ஓரிடம் மிஞ்சும். சூத்திரத்தில் ξ என்ற எழுத்து குறிப்பது அந்த இடத்தைத்தான். பத்தாம் படிக்கோவையைப் பதினோரு முறை வகையிட்டால் ஒன்றும் மிஞ்சாது. பெருக்கற்பலனை அப்படி வகையிட்டால் 11! வரும். K-இன் மதிப்பு அதிலிருந்து விழுந்துவிடுகிறது: f-இன் பதினோராம் வகைக்கெழுவை 11!-ஆல் வகுத்தது.

ஆக, பிழை இரண்டு பேரின் கூட்டு. ஒன்று, வளைவின் உயர்படி வகைக்கெழுவை (n+1)!-ஆல் வகுத்தது, அது வளைவின் சுபாவம். மற்றொன்று, x-இலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள தூரங்களின் பெருக்கற்பலன். அது நாம் புள்ளி வைத்த விதம். வளைவின் சுபாவத்தை நம்மால் மாற்ற முடியாது. புள்ளி வைப்பது நம் கையில் இருக்கிறது.

அந்தத் தூரங்களைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். x = 0.5-இல் நிற்பவருக்கு இரு பக்கமும் அரை அலகில் ஒவ்வொரு புள்ளி. அடுத்து ஒன்றரையில் இரண்டு, இரண்டரையில் இரண்டு, மூன்றரையில் இரண்டு, நாலரையில் இரண்டு, ஐந்தரையில் ஒன்று. எல்லாவற்றையும் பெருக்கினால் சுமார் 4,797. இப்போது x = 4.5-க்கு வருவோம். இங்கேயும் இரு பக்கமும் அரை அலகில் புள்ளி உண்டு. ஆனால் வலப்பக்கம் அதோடு சரி. மற்றவை எல்லாம் இடப்பக்கம் வரிசையாக விலகிப் போகின்றன: ஒன்றரை, இரண்டரை, மூன்றரை என்று ஒன்பதரை வரை. இவற்றின் பெருக்கற்பலன் சுமார் 3,19,692. அண்டை வீட்டுத் தூரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பெருக்கற்பலன் மட்டும் 67 மடங்கு. ஓரம் என்பது ஒரு பக்கம் ஆளில்லாத இடம். அங்கே நிற்பவருக்குத் தூரத்துச் சொந்தங்கள்தான் அதிகம்.

வளைகோடு மேலும் கீழுமாக ஆடுவதற்கும் இதே பெருக்கற்பலன்தான் காரணம். ஒவ்வொரு புள்ளியைத் தாண்டும்போதும் ஒரே ஒரு காரணியின் குறி மாறுகிறது. அதோடு மொத்தப் பெருக்கற்பலனின் குறியும் புரண்டுவிடுகிறது. அதனால் ஒரு இடைவெளியில் உண்மைக்கு மேலே போன கோடு, அடுத்த இடைவெளியில் கீழே இறங்குகிறது. ஓரத்தை நெருங்க நெருங்க ஆட்டத்தின் வீச்சு கூடுகிறது.

ஆனால் சம இடைவெளிமீது மட்டும் பழி போட்டுவிட முடியாது. அதே பதினோரு இடங்களில் 1/(1+x²)-க்குப் பதிலாக சைன் வளைவை வைத்துப் பார்க்கலாம். சைனை எத்தனை முறை வகையிட்டாலும் அது 1-ஐத் தாண்டாது. 11! என்பதோ 3,99,16,800. தூரங்களின் பெருக்கற்பலன் மிக மோசமான இடத்தில், அதாவது 4.7-ஐ ஒட்டி, சுமார் 4,16,000. ஆக மொத்தப் பிழை 0.0104-ஐச் சுற்றித்தான் அதிகபட்சம் போகும். 21 புள்ளிகள் எடுத்தால் அது ஒரு கோடியில் ஒரு பங்கைவிடவும் குறைந்துவிடும். அதே சம இடைவெளிதான், கொஞ்சமும் ஆட்டம் இல்லை. சைனுக்குக் காரணியப் பெருக்கம் என்ற பெரிய வகுத்தி காவல் நிற்கிறது.

ருங்கேயின் குன்றுக்கு அந்தக் காவல் கிடைப்பதில்லை. அதன் பத்தாம் வகைக்கெழு, உச்சியில், குறியை விட்டுவிட்டால் சரியாக 10!. பதினோராம் வகைக்கெழு உச்சியை ஒட்டியே 11!-இல் பத்தில் ஒன்பது பங்கு வரை ஏறுகிறது. வகுத்தி எவ்வளவு வளர்கிறதோ அதே வேகத்தில் தொகுதியும் வளர்கிறது. இரண்டும் அடிபட்டுப்போய், தூரங்களின் பெருக்கற்பலன் மட்டும் தடுப்பாரில்லாமல் நிற்கிறது. இரண்டு கை தட்டினால்தான் ஓசை என்பார்கள். இங்கே ஒரு கை வளைவு, இன்னொரு கை புள்ளிகளின் இருப்பு.

இந்த இடத்தில் சூத்திரத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அது சொல்லும் ξ எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மிக மோசமான ξ-ஐ வைத்துப் போட்டால் ருங்கேயின் குன்றுக்குப் பிழை லட்சக்கணக்கில் வரலாம் என்கிறது. உண்மையில் வந்தது 1.92. மேல்வரம்பு பெரிதாக இருப்பது எச்சரிக்கை மட்டுமே. பிழை உண்மையிலேயே வளருமா, எந்த இடத்தில் வளரத் தொடங்கும் என்று அறிய வேறு கண் தேவைப்பட்டது. ருங்கேயின் பெரிய பங்களிப்பு அந்தக் கண்தான்.

1/(1+x²) என்பதன் வகுத்தி எந்த மெய்யெண்ணுக்கும் பூச்சியம் ஆகாது. அதனால்தான் குன்று அத்தனை சாதுவாகத் தெரிகிறது. ஆனால் கலப்பெண்களின் தளத்தில் x = i என்ற இடத்தில், அதாவது குன்றின் அடிவாரத்துக்கு நேர் மேலே ஓர் அலகு உயரத்தில், வகுத்தி பூச்சியமாகி மதிப்பு முடிவிலிக்குப் போகிறது. நேர் கீழே −i-யிலும் அப்படியே. மெய்யெண் கோட்டில் மட்டும் நடப்பவர் கண்ணில் இந்தப் பள்ளங்கள் படுவதில்லை. ஆனால் வகைக்கெழுக்களை 11! வரை வளரவைப்பது இவைதான்.

இந்தக் குன்றுக்கு மட்டும் பிழையை ξ இல்லாமலே சரியாக எழுதிவிடலாம். x-இலிருந்து பதினோரு புள்ளிகளுக்கும் உள்ள தூரங்களின் பெருக்கற்பலனை மேலே வைக்க வேண்டும். i-யிலிருந்து அதே பதினோரு புள்ளிகளுக்கும் உள்ள தூரங்களின் பெருக்கற்பலனைக் கீழே வைக்க வேண்டும். கிடைப்பதை x/(1+x²) என்பதால் பெருக்கினால், குறி தவிர, அதுவே பிழை. i-யிலிருந்து பூச்சியத்துக்குத் தூரம் 1. மற்றப் புள்ளிகள் இடமும் வலமுமாக இணை இணையாக இருப்பதால், அவற்றின் தூரங்களைப் பெருக்கினால் 2, 5, 10, 17, 26 என்று முழு எண்களாக வந்துவிடும். ஆகக் கீழே நிற்பது 2 × 5 × 10 × 17 × 26 = 44,200.

இதை வைத்துக்கொண்டு இரண்டு இடங்களையும் மறுபடி பார்க்கலாம். x = 0.5-இல் 4,797-ஐ 44,200-ஆல் வகுத்தால் 0.1085, அதை 0.4-ஆல் பெருக்கினால் பிழை 0.043. x = 4.5-இல் 3,19,692-ஐ அதே 44,200-ஆல் வகுத்தால் 7.23, அதை 0.2118-ஆல் பெருக்கினால் 1.53. நடுவில் நிற்பவர் i-யைவிடப் புள்ளிகளுக்கு நெருக்கமானவர். பின்னம் 1-க்குக் கீழே. ஓரத்தில் நிற்பவர் i-யைவிடப் புள்ளிகளுக்குத் தூரமானவர். பின்னம் 1-க்கு மேலே. புள்ளிகள் பெருகப் பெருக, சிறியது இன்னும் சிறியதாகும், பெரியது இன்னும் பெரியதாகும். 21 புள்ளிகளில் 4.75 என்ற இடத்துக்கு அந்தப் பின்னம் 198. அதை 0.2016-ஆல் பெருக்கினால் கிடைக்கும் 40-தான் வளைகோட்டைப் பாதாளத்தில் தள்ளியது. இரு கட்சிக்கும் நடுவே எல்லைக்கோடு ஒன்று உண்டு. சம இடைவெளியில் புள்ளிகளை எல்லையின்றிக் கூட்டிக்கொண்டே போனால், இந்தக் குன்றுக்கு அது பூச்சியத்திலிருந்து சுமார் 3.63 தூரத்தில் விழுகிறது. அதற்கு உள்ளே எல்லா இடத்திலும் வளைகோடு உண்மையை நெருங்கும். அதற்கு வெளியே விலகும்.

சைனுக்கு ஏன் ஆபத்தில்லை என்பதும் இப்போது புரியும். கலப்பெண் தளம் முழுவதும் தேடினாலும் அதற்கு i போன்ற பள்ளம் ஒன்றுகூடக் கிடையாது.

அப்படியானால் சைன் போன்ற நல்ல வளைவுகளுக்குச் சம இடைவெளியில் எத்தனை புள்ளிகள் வேண்டுமானாலும் வைக்கலாமா? காகிதத்தில் வைக்கலாம். அளவெடுக்கும் மேசையில் கூடாது. அளவீட்டில் வரும் சிறு தவறும் ஓரத்துக்குப் போகும்போது பெருகிவிடுகிறது. −5 முதல் 5 வரை 21 அளவுகள் எடுக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். நடு அளவு, x = 0-இல் உள்ளது, மட்டும் ஆயிரத்தில் ஒரு பங்கு தவறிவிட்டது. மற்ற இருபதும் துல்லியம். இந்த ஒரு தவறு x = 4.75-இல் வளைகோட்டை எவ்வளவு நகர்த்தும்? 1,219 மடங்கு. அதாவது 0.001 தவறு அங்கே 1.2 ஆக வந்து நிற்கும். 21 அளவுகளும் ஒருசேரக் கூட்டுச் சேர்ந்து தவறினால் பெருக்கம் சுமார் 11,000 மடங்கு வரை போகலாம். வளைவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தப் பெருக்கம் மாறாது. ஏனென்றால் இது முழுக்க முழுக்கப் புள்ளிகளின் இருப்பிலிருந்து வருவது.

புள்ளி வைப்பது நம் கையில்தான் என்றால் எப்படி வைப்பது? ஓரத்தில் ஆளில்லை என்பதுதானே குறை. அங்கே ஆள் சேர்க்க வேண்டும். ரஷ்யக் கணிதவியலர் செபிஷேவ் இந்தக் கேள்விக்கு வந்த வழி வேறு. 1850-களில் நீராவி இயந்திரத்தின் இணைப்புக் கம்பிகள் எவ்வளவு நேராக நகர்கின்றன என்று ஆராய்ந்தார். பிழையின் உச்சங்களை எல்லா இடத்திலும் ஒரே உயரமாக்கினால், மிகப் பெரிய பிழை மிகக் குறைவாகும் என்ற எண்ணம் அவருக்கு அங்கிருந்துதான் கிடைத்தது. அந்த எண்ணத்தைத் தூரங்களின் பெருக்கற்பலனுக்குப் பொருத்தினால் புள்ளிகளுக்கான இடம் தானே வந்துவிடும்.

அதை வரையக் காம்பசும் அளவுகோலும் பாகைமானியும் போதும். −5 முதல் 5 வரையுள்ள கோட்டை விட்டமாகக் கொண்டு ஓர் அரைவட்டம். அதைப் பதினோரு சமமான வில்களாக வெட்டி, ஒவ்வொரு வில்லின் நடுவிலிருந்தும் விட்டத்துக்குச் செங்குத்தாகக் கோடு இறக்க வேண்டும். கோடுகள் விழும் இடங்கள்: 0, பிறகு இருபுறமும் 1.409, 2.703, 3.779, 4.548, 4.949. நடுவில் இடைவெளி 1.4; கடைசி இரண்டுக்கும் நடுவே 0.4. தூரங்களின் பெருக்கற்பலன் எந்த இடத்திலும் 47,684-ஐத் தாண்டாது. சம இடைவெளியில் அது 4,16,000 வரை போனதை நினைத்துப் பாருங்கள்.

இந்தப் பதினோரு இடங்களில் அளந்து கோவை அமைத்தால் ருங்கேயின் குன்றுக்கு அதிகபட்சப் பிழை 0.109. அதுவும் ஓரத்தில் அல்ல, நடுவில். 21 புள்ளிகளில் 0.015; 41 புள்ளிகளில் 0.0003. சம இடைவெளியில் வெடித்துச் சிதறிய அதே வளைவு இப்போது அடங்கி வருகிறது. அளவீட்டுத் தவறும் 21 புள்ளிகளில் மூன்று மடங்குக்குள் நின்றுவிடுகிறது. இதற்கு ஒரு விலை உண்டு. நடுவிலிருந்து ஆட்களை ஓரத்துக்கு அனுப்பியதால் நடுப்பகுதியில் பிழை கூடத்தான் செய்யும். முதலில் பார்த்த பையனின் அளவுகோல் 0.067-இல் நின்றதே, பதினோரு புள்ளி வரை அதைச் செபிஷேவ் புள்ளிகளாலும் வெல்ல முடியவில்லை. 21-க்கு வரும்போது முந்திவிடுகின்றன. எல்லா வளைவுக்கும் பொருந்தும் மாய ஏற்பாடும் கிடையாது: எந்த விதியில் புள்ளிகளை வைத்தாலும், அந்த விதியைத் தோற்கடிக்கும் தொடர்ச்சியான வளைவு ஒன்று இருக்கும் என்று 1914-இல் ஃபாபர் நிறுவிவிட்டார். வழுவழுப்பான வளைவுகளுக்கு மட்டும் செபிஷேவ் புள்ளிகளை நம்பலாம்.

நடைமுறையில் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புப் பலருக்குக் கிடைப்பதில்லை. மணிக்கு ஒருமுறை பதிவாகும் வெப்பநிலை, பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகை எல்லாமே சம இடைவெளியில்தான் வருகின்றன. அப்போது செய்யக்கூடியது, எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே கோவை என்ற ஆசையைக் கைவிடுவது. பக்கத்தில் உள்ள மூன்று நான்கு புள்ளிகளுக்கு மட்டும் சிறிய படிக்கோவை போடலாம். அல்லது மூன்றாம் படித் துண்டுகளை முனை தெரியாமல் ஒட்டும் ஸ்ப்ளைன் முறையை எடுத்துக்கொள்ளலாம். எல்லாப் புள்ளியையும் தொட வேண்டிய கட்டாயம் இல்லையென்றால், ஐம்பது அளவுகளுக்கு நடுவே நான்காம் படிக்கோவை ஒன்றை மீச்சிறு வர்க்க முறையில் ஓட்டலாம்.

ஏற்கெனவே ஒரு வளைகோடு போட்டு முடித்தவர்கள் அதை நம்பலாமா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. புள்ளிகளில் பிழை பூச்சியம் என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது எப்போதும் பூச்சியமாகத்தான் இருக்கும். ஓரத்துக்குப் பக்கத்தில் ஓர் அளவை மறைத்துவிட்டு, மீதியை வைத்து அதைக் கணிக்கச் சொல்லுங்கள். ருங்கேயின் பதினோரு புள்ளிகளில் நடுவில் இருப்பதை மறைத்தால் மீதிப் பத்தும் 0.674 என்கின்றன, உண்மை 1. தப்புதான், ஆனாலும் ஏதோ ஒரு குன்று இருப்பது தெரிகிறது. x = 4-இல் இருப்பதை மறைத்தால் கோவை சொல்லும் விடை −8.15. உண்மை 0.0588. அதே இடத்தில் பக்கத்து இரண்டு புள்ளிகளையும் அளவுகோலால் இணைத்துப் பார்த்தால் கிடைப்பது 0.069.